பெய்த மழை திரும்பிப் போகாது

ஒரு தானியங்கி மழைமானியில் நள்ளிரவு 12 மணியிலிருந்து எவ்வளவு மழை சேர்ந்திருக்கிறது என்று மணிக்கு ஒருமுறை பதிவாவதாக வைத்துக்கொள்வோம். 12 மணிக்கும் 1 மணிக்கும் ஒன்றுமில்லை. 2 மணிக்கு 4 மி.மீ., 3 மணிக்கு 36, 4 மணிக்கு 40, 5 மணிக்கும் அதே 40. பெருமழை கொட்டியது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் என்பது பார்த்ததும் தெரிகிறது. ஆனால் ஒன்றரை மணிக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

தெரிந்த புள்ளிகளின் வழியே ஒரு கோட்டை இழுத்து, நடுவில் உள்ளதைக் கணிப்பதற்கு இடைச்செருகல் என்று பெயர். பலரும் முதலில் தேடிப்போவது முப்படி ஸ்ப்லைன். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு முப்படிக் கோவை. அடுத்தடுத்த துண்டுகள் சேரும் இடத்தில் சாய்வு மட்டுமல்ல, வளைவும் ஒத்துப்போக வேண்டும். கண்ணுக்கு அழகான கோடு கிடைக்கும்.

நம் மழைக் கணக்கில் அந்த அழகு என்ன செய்கிறது பாருங்கள். இயல்பு ஸ்ப்லைன் எனப்படும் வகையைப் போட்டால், மழையே இல்லாத 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் கோடு 0.56 மி.மீ. வரை ஏறி இறங்குகிறது. பிறகு பூஜ்ஜியத்துக்குக் கீழே போய், 1.27 மணியளவில் மைனஸ் 1.17 மி.மீ. காட்டுகிறது. மறுபக்கம் மூன்றரையைத் தாண்டியதும் 41.17-ஐத் தொட்டு, பெய்த மழையைத் திரும்ப வாங்கிக்கொண்டு 40-க்கு வருகிறது. கணக்கில் பிழை எதுவும் இல்லை. வளைவு எங்குமே உடையக் கூடாது என்ற நிபந்தனைதான் காரணம். நடுவில் உள்ள செங்குத்தான ஏற்றத்தின் அதிர்வு இரு பக்கமும் பரவுகிறது.

1980-இல் ஃபிரிட்ஷ், கார்ல்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இதற்கு வழி சொன்னது. வளைவு உடைந்தால் உடையட்டும், சாய்வு மட்டும் தொடர்ந்தால் போதும் என்று விட்டுவிட்டால், ஒவ்வொரு புள்ளியிலும் சாய்வை நாமே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிடைக்கிறது. எந்தச் சாய்வு வரை கோடு தடுமாறாது? அடுத்தடுத்த இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் வரும் சாய்வை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் நாம் தரும் சாய்வு அதே திசையில், அதன் மூன்று மடங்குக்கு மேல் போகாமல் இருந்தால், அந்தத் துண்டு ஏறினால் ஏறிக்கொண்டே போகும், இடையில் இறங்காது.

2 மணிப் புள்ளியில் இதைச் சோதிக்கலாம். இடப்பக்கச் சாய்வு மணிக்கு 4 மி.மீ., வலப்பக்கம் 32. சாதாரணச் சராசரி எடுத்தால் 18. இடப்பக்கத்துக்கான வரம்போ 12 தான். மீறியதன் விளைவு உடனே தெரிகிறது: 1 மணியில் சாய்வைப் பூஜ்ஜியமாக வைத்தாலும் 1.24-க்கு மைனஸ் 0.32 வருகிறது. ஃபிரிட்ஷ், கார்ல்சன் முறை இப்படி வரம்பு மீறிய சாய்வுகளைச் சுருக்கி உள்ளே கொண்டுவருகிறது. இங்கே 18 என்பது 12 ஆகிவிடும்.

ஃபிரிட்ஷும் பட்லண்டும் 1984-இல் இன்னும் எளிதாக்கினார்கள். சாதாரணச் சராசரிக்குப் பதில் இசைச் சராசரி. அது எப்போதும் சிறிய எண்ணின் பக்கமே சாயும்: 4, 32 இரண்டுக்கும் 7.11 தான். இருபக்கச் சாய்வுகளில் ஒன்று பூஜ்ஜியமானாலோ, ஒன்று ஏறி மற்றது இறங்கினாலோ, அந்தப் புள்ளியில் சாய்வு பூஜ்ஜியம். நேர இடைவெளிகள் சமமில்லாதபோது எடையிட்ட சராசரி வேண்டும். பைதானில் இதற்குத் தயார் நிரல் உண்டு:

```
from scipy.interpolate import PchipInterpolator
f = PchipInterpolator([0,1,2,3,4,5],
                      [0,0,4,36,40,40])
print(f(1.5))
```

விடை 1.11 மி.மீ. நேர்கோடு 2 என்று சொல்லியிருக்கும். மழை அப்போதுதான் வலுக்கத் தொடங்கியது என்பதால் 1.11 பொருத்தமாகவே படுகிறது. 12-லிருந்து 1 வரை கோடு பூஜ்ஜியத்திலேயே கிடக்கிறது, 40-ஐ எங்கும் தாண்டவில்லை. இன்னொரு வசதியும் உண்டு. ஸ்ப்லைனில் ஒரு புள்ளியைத் திருத்தினால் முழுக்கோடும் கொஞ்சமாவது அசையும். இதில் அதன் இருபக்கமும் இரண்டிரண்டு இடைவெளிகள்தான் மாறும்.

இதற்கு ஒரு விலை உண்டு. வளைவு புள்ளிகளில் சட்டென்று மாறுவதால், இரண்டாம் வகையீட்டை வரைந்து பார்த்தால் படிக்கட்டு போலத் தாவல்கள் தெரியும். முடுக்கம் கணக்கிட வேண்டிய வேலைக்கு இது ஆகாது. பதிவில் உள்ள தவறையும் இது சரிசெய்யாது. மழைமானி ஒரு மணி நேரம் அடைத்துக்கொண்டிருந்தால் அந்தத் தட்டையை அப்படியே வரையும்.

வெப்பநிலைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். பகல் 2 மணிக்கும் 3 மணிக்கும் அளந்திருக்க, உண்மையான உச்சம் இரண்டரைக்கு வந்திருந்தால், இந்த முறை அதைக் காட்டவே காட்டாது. அதன் உச்சம் எப்போதும் அளந்த புள்ளி ஒன்றில்தான் இருக்கும். அங்கே அளவைத் தாண்டத் துணியும் ஸ்ப்லைனே உண்மைக்கு நெருக்கமாகப் போகும்.