ஒட்டுத் தெரியாத பெரிய படம்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் எலிவேஷன் படம். கணினியில் ரெண்டர் செய்தது. அகலம் 1920 பிக்சல், உயரம் 1080. வாட்ஸப்பில் அனுப்ப இது தாராளம். ஆனால் பில்டர் அதை நாலடி அகலத்தில் அச்சடித்து விற்பனை அலுவலகச் சுவரில் மாட்ட நினைக்கிறார். நாலடி என்றால் 48 அங்குலம். அங்குலத்துக்கு 40 பிக்சல்தான் தேறும். வீடு வாங்க வருகிறவர் தள்ளி நின்று பார்ப்பதில்லை; கிட்டே போய், ‘நம்ம பால்கனி இதுதானா?’ என்று விரல் வைத்துக் கேட்பார். அந்த நெருக்கத்தில் 40 பிக்சல் கலங்கலாகத்தான் தெரியும். படத்தை நாலு மடங்காக்கி 7680-க்கு 4320 என்று கொண்டுவந்தால் அங்குலத்துக்கு 160 கிடைக்கும். அது போதும்.

மூலக் கோப்பு கையில் இருந்தால் பெரிய அளவிலேயே மறுபடி ரெண்டர் போடுவதுதான் நேர்வழி. பிக்சல் 16 மடங்கு ஆவதால் நேரமும் ஏறக்குறைய அத்தனை மடங்கு ஆகும். கோப்பு கிடைக்காதபோதோ, நாளைக் காலையில் அச்சுக்குப் போக வேண்டும் என்றபோதோதான் படத்தையே பெரிதாக்கும் வேலை வருகிறது.

முதல் படியில் சிக்கல் குறைவு. Real-ESRGAN போன்ற மென்பொருள் படத்தை நாலு மடங்காக்கி விளிம்புகளைக் கூர்மையாக்கித் தரும். சுவர், தூண், ஜன்னல் சட்டம் எல்லாம் நன்றாக வரும். புல்லும் மரமும் கருங்கல் பதித்த சுவரும்தான் பிளாஸ்டிக் பூசியதுபோல் வழவழப்பாகிவிடும். அங்கே இல்லாத நுணுக்கத்தைப் புதிதாக வரைந்து சேர்க்கத்தான் Stable Diffusion போன்ற படம் வரையும் மாடலைக் கூப்பிடுகிறார்கள். SDXL மாடல் 1024 பிக்சல் சதுரத்தைச் சுற்றிய அளவுகளில் பழகியது. 7680 அகலத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தால் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் பற்றாது. பற்றினாலும், பழகாத அளவு என்பதால் ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரையும். ஆகவே படத்தை 1024 சதுர டைல்களாக வெட்டி, ஒவ்வொன்றாக வரையவைத்து, திரும்ப ஒட்டுகிறார்கள்.

முன்பெல்லாம் சினிமா பேனர் வரைந்த ஓவியர்கள் சிறு புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிய திரைக்கு ஏற்றினார்கள். அவர்களுக்கு முழுப் படமும் கண்முன் இருந்தது. இங்கே நடப்பது வேறு: 45 ஓவியர்களுக்கு ஆளுக்கொரு கட்டத்தைக் கொடுத்து, பக்கத்துக் கட்டத்தைக் காட்டாமல், ‘மரங்கள் சூழ்ந்த அடுக்குமாடி வரை’ என்று எல்லோருக்கும் ஒரே கட்டளை இடுகிறோம். வெறும் வானம் கிடைத்தவர் மேகத்துக்குள் ஒரு ஜன்னலைத் திணிக்கிறார். புல்தரை கிடைத்தவர் குட்டியாக ஒரு கட்டிடம் எழுப்புகிறார். அக்கம்பக்கத்து இருவர் ஒரே கிளையை இரண்டு விதமாக வளைக்கிறார்கள். ஒட்டுத் தெரிவதும் உருவங்கள் திரும்பத் திரும்ப வருவதும் இரண்டு நோய்களாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். டைலுக்குத் தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது தெரியாது.

வெட்டுவதிலிருந்தே கவனம் வேண்டும். டைல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிய வேண்டும். 128 பிக்சல் ஏற்றம் என்று முடிவுசெய்து இடமிருந்து வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒல்லியான துண்டு ஒன்று மிஞ்சும். அதில் மாடல் தடுமாறும். அதைவிட, அகலத்தில் 9 டைல் என்று முடிவு செய்துகொண்டு சமமாகப் பரப்பிவிடலாம். 7680-இல் 1024-ஐக் கழித்து 8-ஆல் வகுத்தால் 832. அதாவது 832 பிக்சலுக்கு ஒரு டைல் தொடங்கும், ஏற்றம் 192. உயரத்தில் 5 டைல்; 824-க்கு ஒன்று, ஏற்றம் 200. மொத்தம் 45. 832-ம் 824-ம் எட்டால் மீதியின்றி வகுபடுவது இங்கே முக்கியம். மாடல் உள்ளுக்குள் வேலை செய்வது எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய படத்தின்மேல். வகுபடாத எண்ணைக் கொடுத்தால் டைல்கள் ஓரிரு பிக்சல் நகர்ந்து உட்காரும். ஜன்னல் கம்பி ஒட்டில் லேசாக ஒடிந்து தெரியும்.

அடுத்தது கட்டளை. 45 டைலுக்கும் ஒரே வாசகம் போவதால், அதில் பொருள்களின் பெயரே வேண்டாம். கட்டிடம், மரம், கார் எதையும் சொல்லாமல், ‘தெளிவான புகைப்படம், இயல்பான பரப்பு’ என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. கூடவே `Denoising strength` என்ற அளவைக் குறைக்க வேண்டும். இருக்கும் படத்தின்மேல் எவ்வளவு புள்ளியிரைச்சல் தூவி மறுபடி வரையலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பூஜ்யம் என்றால் தொடவே மாட்டாது. 1 என்றால் பழைய படத்தை மறந்துவிடும். இந்த வேலைக்கு 0.2 முதல் 0.35 வரை சரிப்படும். இன்னும் நுணுக்கம் வேண்டும் என்றால் ControlNet-இன் `tile` மாடலைத் துணைக்கு வைத்து அளவைக் கொஞ்சம் ஏற்றலாம். அந்தந்தத் துண்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதை விட்டு விலகாமல் அது பிடித்துக்கொள்ளும்.

இத்தனை செய்த பிறகும் புல்தரையில் ஒரு விசித்திரம் தென்படலாம். ஒவ்வொரு டைலிலும் அதே இடத்தில் அதே வடிவத்தில் ஒரு புல்கொத்து. காரணம் `seed`. வரைவதற்கு முன் தூவும் இரைச்சல் அந்த எண்ணிலிருந்து பிறக்கிறது. எண்ணும் டைல் அளவும் மாறாவிட்டால் 45 டைலிலும் விழுவது ஒரே இரைச்சல்தான். அதன் சாயல் பரப்பில் தங்கிவிடும். சரி, டைலுக்கு ஒரு `seed` கொடுத்துவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். திரும்ப வருவது நின்றுவிடும். ஆனால் இரண்டு டைல்கள் ஏறிப் படியும் பட்டையில் இப்போது இரண்டு வேறு இரைச்சல்கள். ஒரே இடத்தில் இரண்டு வேறு புல். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் ஒழுகுகிறது.

சரியான வழி, முழுப் படத்துக்கும் ஒரே இரைச்சல் விரிப்பைத் தயாரிப்பது. நம் படத்தின் சுருங்கிய வடிவம் 960-க்கு 540. அந்த அளவில் ஒரு முறை இரைச்சலை உருவாக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டைலுக்கும் அது முழுப் படத்தில் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து 128 சதுரத்தை வெட்டிக் கொடுக்க வேண்டும். அப்போது வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு இரைச்சல். ஏறிப் படியும் பட்டையில் மட்டும் இரு டைலுக்கும் ஒன்றே. உருவம் திரும்ப வராது, பக்கத்து டைலோடு சண்டையும் குறையும். 2023-இல் வந்த MultiDiffusion முறை இன்னும் ஒரு படி போகிறது. டைல்களை வரைந்து முடித்த பிறகு ஒட்டாமல், இரைச்சலை நீக்கும் ஒவ்வொரு அடியிலும் பட்டைகளைச் சராசரி செய்து எல்லா டைலையும் சேர்த்தே நகர்த்துகிறது. நேரம் கூடும், பரப்பு ஓரளவு மிருதுவாகவும் செய்யும்.

ஒட்டும் வேலைக்கு இப்போதுதான் வருகிறோம். பலர் இதில்தான் தொடங்கி இதிலேயே முடித்துவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை. டைலின் கடைசி ஓரம் எப்போதும் நம்பத்தகாதது. அதற்கு அப்பால் எதுவும் இல்லாததால் மாடல் ஊகித்துத்தான் வரைந்திருக்கும். இரு பக்கமும் 32 பிக்சலைத் தூக்கி எறிந்தால் 192-இல் 128 மிஞ்சும். அந்த 128-க்குள் ஒரு டைல் படிப்படியாக மங்க, மற்றது படிப்படியாகத் தெளிய வேண்டும். இரண்டின் பங்கும் எந்தப் புள்ளியிலும் சேர்ந்து ஒன்றாக வேண்டும். நாலு டைல் கூடும் மூலையில் நாலையும் கூட்டி, மொத்தப் பங்கால் வகுக்க வேண்டும்.

இப்படி ஒட்டினால் கோடு மறையும். ஆனால் பொருந்தாத இரண்டு புல்லைப் பாதிப் பாதியாகக் கலந்தால் மூன்றாவது புல் கிடைக்காது, கஞ்சிதான் கிடைக்கும். சம்பந்தமில்லாத இரண்டு சொரசொரப்பைச் சரிபாதி கலக்கும் இடத்தில் அதன் ஏற்ற இறக்கம் 70 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. தள்ளி நின்று பார்த்தால் புல்தரையில் 832 பிக்சலுக்கு ஒன்றாக வழவழப்பான பட்டை ஓடும். இதற்கு மருந்து புதிதல்ல. நிறத்தையும் வெளிச்சத்தையும் அகலமான பட்டையில் கலக்கு, நுணுக்கத்தை ஒடுக்கமாகக் கலக்கு என்று பர்ட், அடெல்சன் இருவரும் 1983-லேயே எழுதிவிட்டார்கள். நேர்கோட்டில் ஒட்டாமல், இரண்டு துண்டும் அதிகம் ஒத்துப்போகிற வளைந்த பாதையைத் தேடி அதன்வழியே வெட்டு என்றார்கள் எஃப்ராஸும் ஃபிரீமனும், 2001-இல்.

நிறம் தனியாகத் தொல்லை கொடுக்கும். ஒவ்வொரு டைலும் வெளிச்சத்தை ஒரு பொட்டு மாற்றிவிடும்; மரத்தில் அது தெரியாது, மாலை வானத்தில் சதுரங்கப் பலகையாகத் தெரியும். பெரிதாக்கிய மூலப் படத்தையும் புதிய டைலையும் நன்றாக மங்கலாக்கி, இரண்டின் வித்தியாசத்தை டைலில் கூட்டிவிட்டால் நிறம் மூலத்துக்கே திரும்பும். நுணுக்கம் மட்டும் புதியதாக நிற்கும். வானத்தைப் பொறுத்தவரை அதுகூடத் தேவையில்லை. அதில் வரைந்து சேர்க்க என்ன இருக்கிறது? மாஸ்க் போட்டு, Real-ESRGAN கொடுத்த வானத்தையே வைத்துக்கொள்ளலாம்.

சோதிக்கக் கண்ணை மட்டும் நம்பக்கூடாது. பல மணி நேரம் பார்த்த கண்ணுக்குக் குறை பழகிப்போயிருக்கும். ஃபோட்டோஷாப்பில் படத்தை 25 சதவீதத்துக்குச் சுருக்கி `Curves` கொண்டு மாறுபாட்டைக் கடுமையாக ஏற்றினால் நிறப் பட்டைகள் வெளியே வந்துவிடும். திரும்ப வரும் உருவத்தைப் பிடிக்க, லேயரை நகலெடுத்துச் சரியாக 832 பிக்சல் பக்கவாட்டில் நகர்த்தி `Difference` வைக்க வேண்டும். சாதாரணமாகப் புல்தரை எங்கும் ஒரே மாதிரி இரைச்சலாகத் தெரியும். ஏதாவது ஒரு கொத்து மட்டும் கறுத்துப் போயிருந்தால் அது பக்கத்து டைலிலும் இருக்கிறது என்று பொருள். செங்குத்தாக 824 நகர்த்தி இன்னொரு முறை பார்க்க வேண்டும். நகர்த்தும் தூரத்தைக் கொஞ்சம் மாற்றியதும் அந்தக் கறுப்பு மறைந்தால் சந்தேகமே இல்லை.

இவ்வளவுக்கும் வசப்படாதவை சில உண்டு. வாசலில் இருக்கும் பெயர்ப் பலகை 0.2 அளவிலேயே எழுத்து சிதைந்துவிடும். தமிழ் எழுத்தாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பால்கனி கிரில் நாலைந்து டைலைக் கடந்து ஓடும். கம்பிகளின் இடைவெளி டைலுக்கு டைல் மாறும். மனித முகங்களும் அப்படித்தான். இவற்றை மாஸ்க் போட்டு முதல் படியின் படத்திலிருந்தே எடுத்துக்கொண்டு, பலகை எழுத்தை டைப் செய்து மேலே வைத்துவிடலாம். முழு நாலடியையும் அச்சடிக்குமுன், நாலு டைல் கூடும் மூலை ஒன்று வரும்படி ஒரு முழ நீளத் துண்டை அசல் அளவில் அச்சடித்து, சுவரில் ஒட்டி, ஒரு கை தூரத்தில் நின்று பார்க்க வேண்டும்.