நீச்சல் குளத்தில் ஒரு கடல்

முதல் கோர்வையைப் போட்டுப் பார்க்கும்போது, காட்சி முழுவதும் பழுதா, ஒரு ஷாட் மட்டும்தானா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். 1975இல் வெளியான 'ஜாஸ்' படத்தை முன்னோட்டக் காட்சியில் பார்த்த பிறகும் ஸ்பீல்பெர்க் இதைத்தான் செய்தார். உடைந்த படகின் ஓட்டைக்குள்ளிருந்து பிணத்தின் தலை வெளிவரும் இடத்தில் இன்னும் பலத்த அலறல் எழ வேண்டும் என்று நினைத்தார். மறுபடி கடலுக்குப் போகவில்லை. அந்தத் துண்டை மட்டும் படத்தொகுப்பாளர் வெர்னா ஃபீல்ட்ஸ் வீட்டு நீச்சல் குளத்தில் எடுத்தார்.

சிக்கல் தண்ணீரில்தான். குளத்து நீர் கண்ணாடிபோல் தெளிவு; ஏற்கெனவே எடுத்ததோ கலங்கிய இரவுக் கடல். குளத்தைத் தார்ப்பாயால் மூடி வெளிச்சத்தை மறைத்தார்கள், நீரில் பால்பவுடர் கரைத்தார்கள். கலங்கல் குறைந்தால் குளம் தெரிந்துவிடும். கூடினால் தலையே தெரியாது.