கோப்புப் பெயரில் ஆண்டு முன்னே வரட்டும்

மின்கட்டண ரசீதுகளை 12-01-2023.pdf, 05-11-2023.pdf, 03-02-2024.pdf என்று சேமித்தால், கணினி அவற்றைக் கால வரிசையில் அடுக்காது. பெயரை இடமிருந்து ஒப்பிடுவதால் 2024 பிப்ரவரி ரசீது முதலில் வரும். 2023 ஜனவரி ரசீது கடைசிக்குப் போய்விடும். 2024-02-03.pdf என்று ஆண்டு, மாதம், நாள் என எழுதுங்கள். பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். 02 என்பதில் உள்ள பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால், பல இடங்களில் 10-ஆம் மாதம் 2-ஆம் மாதத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

சிலர் நேரத்தையும் சேர்த்து 10:30 என்று எழுதுவார்கள். லினக்ஸ் அதை ஏற்கும். விண்டோஸில் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வரக்கூடாது. வழக்கமான பென்டிரைவுக்கு நகலெடுக்கும்போதே பிழைச் செய்தி வந்துவிடும். 1030 என்றே எழுதலாம்.

இதைவிடக் கவலைக்குரியது Bill.pdf, bill.pdf விவகாரம். லினக்ஸில் இவை இரண்டு கோப்புகள். விண்டோஸுக்கு வழக்கமாக ஒரே பெயர்தான். நகலெடுக்கும்போது ஒன்று மற்றொன்றை அழித்துவிடலாம். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்திலேயே வையுங்கள்.