அழித்த படம் ஏன் இன்னும் திறக்கிறது?

கிள்ளானில் இருக்கும் என் தங்கை, வாடகை வீட்டுக்காகத் தன் அடையாள அட்டையைப் படம் எடுத்துப் படப்பகிர்வுத் தளம் ஒன்றில் ஏற்றினாள். படத்தின் இணைப்பை வாட்ஸ்அப் வழியாக வீட்டு முகவருக்கு அனுப்பினாள். திங்கட்கிழமை இரவு 10 மணிக்கு அவர் அதைத் திறந்து பார்த்தார். பேச்சு முறிந்தது. 11 மணிக்கு அவள் படத்தை அழித்துவிட்டாள். அவளுடைய தொகுப்பில் படம் இல்லை.

வியாழக்கிழமை காலை 7 மணிக்கு, ஏதோ சந்தேகத்தில் பழைய இணைப்பைத் தட்டினாள். பெயர், எண், முகவரி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. "அண்ணா, அழித்தது அழியவே இல்லையே!" என்று பதறிப்போய் என்னை அழைத்தாள்.

உண்மையில் அழிந்திருந்தது. அழியாமல் இருந்தது அதன் நகல்.

அமெரிக்காவில் உள்ள கணினியிலிருந்து ஒவ்வொரு முறையும் படத்தைக் கொண்டுவர, கடல்கடந்து போய்வரும் நேரம் வீணாகும். ஆகவே தளங்கள் 'சி.டி.என்.' எனப்படும் விநியோகக் கட்டமைப்பைப் பயன்படுத்துகின்றன. பல நகரங்களில் அதற்குக் கணினிகள் உண்டு. ஒருவர் படத்தைக் கேட்டதும், அவருக்கு அருகிலுள்ள கணினி மூலக் கணினியிலிருந்து ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளும். அடுத்து யார் கேட்டாலும் அந்த நகலையே கொடுக்கும். கிடங்கில் சரக்கைத் திரும்பப் பெற்றாலும், ஊர் மளிகைக் கடை அலமாரியில் இருப்பது விற்றுக்கொண்டுதானே இருக்கும்? அதே கதைதான்.

நகலை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதைப் படத்துடன் வரும் ஒரு குறிப்பு சொல்கிறது. கணினி வைத்திருப்பவர்கள் `curl -I` என்ற கட்டளைக்குப் பின் இணைப்பை ஒட்டி அதைப் பார்க்கலாம். எங்களுக்குக் கிடைத்த பதிலில் முக்கியமான வரிகள் இவை:

```
HTTP/2 200
cache-control: public, max-age=604800
age: 205200
x-cache: HIT
```

எண்கள் விநாடிக் கணக்கில் உள்ளன. 604800 விநாடி என்றால் 7 நாள். 205200 விநாடி என்றால் 57 மணி நேரம். வியாழன் காலை 7 மணியிலிருந்து 57 மணி நேரம் பின்னால் போனால், முகவர் படத்தைத் திறந்த திங்கள் இரவு 10 மணி வருகிறது. நகல் பிறந்தது அப்போதுதான். `HIT` என்பது, பதில் நகலிலிருந்து வந்தது என்பதற்கு அடையாளம். தடுக்காவிட்டால் அடுத்த திங்கள் இரவு 10 மணி வரை அது திறக்கும்.

லண்டனில் படிக்கும் என் மகனை அதே இணைப்பைத் திறக்கச் சொன்னேன். அவனுக்குப் படம் வரவில்லை. அங்குள்ள கணினியில் நகல் இல்லாததால் அது மூலக் கணினியைக் கேட்டது. "இல்லை" என்ற பதில், அதாவது 404, வந்தது. மூலத்தில் படம் அழிந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

வெளிநாட்டில் ஆள் இல்லையா? இணைப்பின் கடைசியில் `?x=1` என்று சேர்த்துப் பாருங்கள். பல கட்டமைப்புகள் அதைப் புதிய முகவரியாக எண்ணி மூலக் கணினியைக் கேட்கும். 404 வந்தால் மூலத்தில் படம் இல்லை. படம் வந்தால் மட்டும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது; சில கட்டமைப்புகள் அந்தச் சேர்க்கையைப் பொருட்படுத்துவதில்லை. உங்கள் உலாவியே நகல் வைத்திருக்கலாம் என்பதால், இந்தச் சோதனைகளை மறைநிலைச் சாளரத்தில் செய்யுங்கள்.

இன்னொன்று. கவலையில் இணைப்பை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம். அதனால் கெடு நீளாது. ஆனால் யாரும் கேட்காத நகல்களை, இடம் போதாதபோது, கணினி முன்கூட்டியே தூக்கி எறிவதுண்டு. நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

கெடுவுக்கு முன்பே நகலை நீக்க வழி உண்டு. தளத்தை நடத்துபவர் கட்டளையிட்டால், பொதுவாகச் சில விநாடிகளிலோ நிமிடங்களிலோ எல்லா நகரங்களிலும் நகல் நீங்கிவிடும். அந்த உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. தங்கை தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினாள்: படத்தை அழித்த நேரம், அடையாள அட்டை என்ற விவரம், முழு இணைப்பு. சிறிய அளவுப் படத்தின் இணைப்பையும் சேர்த்தாள். ஒரே படமானாலும் ஒவ்வோர் அளவும் தனிக் கோப்பு. ஒன்றை நீக்கினால் மற்றது நிற்கும். வெள்ளிக்கிழமை மாலை இரண்டுமே திறக்கவில்லை.

எல்லாத் தளங்களும் இவ்வளவு விரைவாகச் செயல்படும் என்று சொல்வதற்கில்லை. 2009இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 தளங்களில் படங்களை ஏற்றி அழித்துச் சோதித்தார்கள். 30 நாள் கழித்தும் 7 தளங்களின் நேரடி இணைப்புகள் திறந்தன.

முகவர் தம் கைப்பேசியில் படத்தைச் சேமித்திருந்தால், அதை எந்தக் கட்டளையாலும் எட்ட முடியாது. அடுத்த முறை தங்கை அட்டையை நேரில் காட்டினாள்.