சீனியர் அக்காவுக்கு ஒரு செய்தி

இறுதியாண்டை நெருங்கும் மாணவர்கள் லிங்க்ட்இன்னில் சீனியர்களுக்கு அனுப்பும் செய்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கின்றன. "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் வி.எல்.எஸ்.ஐ. ப்ளீஸ் கைட் மீ. ரெஸ்யூம் அட்டாச்டு. எனி ஓப்பனிங்ஸ்?" இதை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர் கெட்டவர் இல்லை. இதற்கு என்ன பதில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். "கைட் மீ" என்பதற்கு ஒரு புத்தகமே எழுத வேண்டும். "ஓப்பனிங் இருக்கிறதா" என்பதற்கு "இல்லை தம்பி" என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடும்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவளுக்குச் சிப் வெரிஃபிகேஷன் வேலைக்குப் போக ஆசை. ஒரு சிப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்புவதற்கு முன், அதன் வடிவமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று கணினியிலேயே சோதித்துப் பார்க்கும் வேலை அது. சிப் அச்சாகி வந்த பிறகு பிழை தெரிந்தால் செலவு தாங்காது. 1994-ல் பெண்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கு ஒன்று தப்பாக வந்ததற்காக இன்டெல் 47.5 கோடி டாலரை இழப்பாகக் கணக்கு எழுத வேண்டி வந்தது. அதனால் இந்த வேலைக்கு ஆள் தேவை உண்டு. ஆனால் அவள் கல்லூரிக்கு வளாக நேர்காணலுக்கு வருபவை மென்பொருள் நிறுவனங்கள்தாம். வாசல் எங்கே இருக்கிறது என்று சொல்ல அந்த வாசலில் நுழைந்த ஒருவர் வேண்டும்.

அவரைக் கண்டுபிடிப்பது எளிது. லிங்க்ட்இன்னில் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால் Alumni என்றொரு பகுதி இருக்கும். அங்கே தேடுபெட்டியில் verification என்று தட்டினால், அந்தத் துறையில் இருக்கும் பழைய மாணவர்கள் வரிசையாக வருவார்கள். படித்து முடித்த ஆண்டை வைத்தும் வடிகட்டலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பட்டியலில் மிகப் பெரிய பதவியில் இருப்பவருக்கு எழுதுகிறார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்தது இருபது ஆண்டுகளுக்கு முன்பு. இன்றைய நேர்காணலில் புதியவர்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பது அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. மூன்று முதல் ஏழு ஆண்டு அனுபவம் உள்ளவரைத் தேடுவதே நல்லது. பட்ட பாடு அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

முன்பின் தெரியாதவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டனுக்கு அருகில் உள்ள நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்பதே அது. அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் எப்போதாவதோ அரிதாகவோ பார்ப்பவர் என்றார்கள். விடுதி அறைத் தோழிக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் ஏற்கெனவே தெரியும். புதிய தகவல் சற்றுத் தள்ளி நிற்பவரிடம்தான் இருக்கிறது.

இனி எழுத வேண்டும். இணைப்புக் கோரிக்கையோடு வைக்கும் குறிப்பில் இரண்டு மூன்று வரிக்கு மேல் இடம் கிடைக்காது. அதில் கல்லூரி, துறை, எதற்காக எழுதுகிறோம் என்பது மட்டும் போதும். அவர் ஏற்றுக்கொண்ட பிறகு முழுச் செய்தி. அது இப்படி இருக்கலாம்:

"வணக்கம் அக்கா. நம் கல்லூரியில் இ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் 2019-ல் முடித்து, வெரிஃபிகேஷன் வேலைக்கு நேரே போனதைப் பார்த்தேன். எனக்கும் அந்த வேலையில்தான் ஆர்வம். வெரிலாகில் ஒரு யூ.ஏ.ஆர்.டி. எழுதி முடித்து, இப்போது சிஸ்டம்வெரிலாகில் அதற்கு டெஸ்ட்பெஞ்ச் எழுதிக்கொண்டிருக்கிறேன். படிப்பு முடிந்ததும் பணம் கட்டி ஆறு மாதப் பயிற்சியில் சேர்வதா, கேட் எழுதி எம்.டெக். போவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு 15 நிமிடம் ஃபோனில் பேச முடியுமா? சனி, ஞாயிறு எந்த நேரமும் சரி. மற்ற நாளில் இரவு எட்டு மணிக்கு மேல். இப்போது முடியாவிட்டாலும் பரவாயில்லை அக்கா."

ஆங்கிலத்தில் எழுதினாலும் உள்ளடக்கம் இதுவே. சில ஆண்டு மூத்தவர் என்றால் அக்கா, அண்ணா என்று அழைப்பது நம் கல்லூரிகளில் வழக்கம்தான். பதினைந்து இருபது ஆண்டு மூத்தவரை மேடம், சார் என்று அழைப்பதே பொருந்தும்.

இந்தச் செய்தியில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு வரிகள். ஒன்று, யூ.ஏ.ஆர்.டி. பற்றியது. இரண்டு கருவிகளுக்கு இடையே தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் எளிய சுற்று அது. பெரிய சாதனை ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பெண் வேலையில் கை வைத்திருக்கிறாள் என்று அதைப் படித்தவுடனேயே அந்த அக்காவுக்குத் தெரிந்துவிடும். செய்யாததைச் செய்ததாக எழுதினால் ஃபோனில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மற்றொன்று, பயிற்சியா எம்.டெக்.-ஆ என்ற வரி. குழப்பம் எந்த இடத்தில் என்று அது துல்லியமாகச் சொல்கிறது. அந்த முடிவை ஒருமுறை எடுத்தவருக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். பேசாமலே இரண்டு வரியில் பதில் எழுதிவிடவும் வாய்ப்புண்டு, அதுவும் லாபமே.

செய்தியில் வேலை கேட்கவில்லை, ரெஸ்யூமும் இணைக்கவில்லை என்பதைக் கவனிக்கலாம். நிறுவனத்தின் உள்ளே இருந்து ஒருவரைப் பரிந்துரைத்தால், பரிந்துரைத்தவர் பெயரும் அதோடு பதிவாகும். முகம் தெரியாதவருக்காக அந்தப் பொறுப்பை ஏற்க யாரும் தயங்குவார்கள். பேசிப் பார்த்து நம்பிக்கை வந்தால் ரெஸ்யூமை அவரே கேட்பார்.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும். இந்தத் துறையில் டேப்-அவுட் என்று ஒன்று உண்டு. வடிவமைப்பை முடித்துத் தொழிற்சாலைக்கு ஒப்படைக்கும் நாள். அது நெருங்கும் வாரங்களில் வெரிஃபிகேஷன் குழுவினர் இரவு பகல் பாராமல் வேலை செய்வார்கள். அப்போது வந்த செய்தி அடியில் போய்விடுவது சகஜம். இரண்டாவது முறையும் பதில் இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்கு எழுதலாம். அப்படியே நகலெடுத்து அனுப்பினால் 2019 என்பது 2021-ல் முடித்தவருக்கும் போய்விடும். எண்ணைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் அழைப்பது மட்டும் வேண்டாம்.

அக்கா ஒப்புக்கொண்டார் என்றால், அந்த 15 நிமிடத்தில் நான்கு கேள்விகளுக்கு மேல் இடமில்லை. கூகுளில் கிடைப்பதைக் கேட்டு அதை வீணாக்கக் கூடாது. என்ன சிப் செய்கிறீர்கள் என்றும் கேட்கக் கூடாது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பவரைச் சங்கடப்படுத்தும் கேள்வி அது. நான் கேட்கச் சொல்வது இதை: "உங்கள் குழுவில் போன ஆண்டு சேர்ந்த புதியவர்கள் எந்த வழியாக வந்தார்கள், அக்கா?" எல்லாரும் எம்.டெக். இன்டர்ன்ஷிப் வழியாக வந்தவர்கள் என்று அவர் சொன்னால், பயிற்சி நிறுவன விளம்பரங்கள் சொல்லாத விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து, முதல் நேர்காணலில் எங்கே தடுமாறினீர்கள் என்று கேட்கலாம். டிஜிட்டல் அடிப்படைகளிலா, சிஸ்டம்வெரிலாக் நிரலிலா என்பதைப் பொறுத்து அடுத்த மூன்று மாதப் படிப்பு மாறும். பதினான்காவது நிமிடத்தில் "நேரமாகிவிட்டது அக்கா, வைக்கட்டுமா?" என்று தானே சொல்ல வேண்டும். பேச விரும்பினால் அவரே தொடர்வார்.

அன்றிரவே நன்றி சொல்லி ஒரு வரி அனுப்ப வேண்டும். பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். அவர் படிக்கச் சொன்னதைப் படித்து, டெஸ்ட்பெஞ்சை முடித்து, இரண்டு மாதம் கழித்து "நீங்கள் சொன்னபடி செய்தேன், இந்தப் பிழையைப் பிடித்தேன்" என்று எழுதுபவர்கள் மிகச் சிலரே. எங்காவது இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் அக்காவுக்கு முதலில் நினைவு வருவது அந்தப் பெயர்தான்.