விற்பவர் பொய் சொன்னால்...



தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள் என்று அல்லாஹு தஆலா ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் கட்டளையிடுகின்றான். நாமோ, விற்பவர் தொப்பி அணிந்திருந்தால் விசாரிப்பதையே மரியாதைக் குறைவாக எண்ணுகின்றோம்.

திருவண்ணாமலையில் நம் ஜமாஅத் சகோதரர் ஒருவர் வீட்டுமனை ஒன்றை 8 லட்சத்திற்குப் பேசினார். முன்பணம் கொடுப்பதற்கு முன் எம்மிடம் ஆலோசனை கேட்க வந்தார். பெற்றோர் இருவரும் மவுத்தாகிவிட்டனர், தாமே ஒரே வாரிசு என்று விற்பவர் கூறியிருந்தார். வில்லங்கச் சான்றிலும் தந்தை வாங்கிய கிரயத்தைத் தவிர வேறு பதிவு இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். பதிவு செய்யப்பட்ட பத்திரங்களையே அச்சான்று காட்டும். மரணத்தால் பிறர்க்குச் சேரும் உரிமையை அது காட்டாது. ஆகவே, வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றைக் கேட்கும்படி கூறினோம்.

சான்று வந்தபோது அதில் இரண்டு சகோதரிகளின் பெயர்களும் இருந்தன. உடனே விற்பவர், "அவர்கள் எனக்கே விட்டுக்கொடுத்து விட்டார்கள்" என்றார். பட்டா எண்ணை ஒருவர் மாற்றிச் சொன்னால், காகிதத்தைக் காட்டியதும் திருத்திக்கொள்வார், அது பிழை. உடன்பிறந்த சகோதரிகளை யாரும் மறப்பதில்லை! காகிதத்தைக் கண்டதும் கதையே மாறினால் அது பொய்.

ஆயினும் இரண்டாவது கூற்றும் பொய்யென்று உடனே முடிவு கட்டலாகாது. விடுதலைப் பத்திரம் பதிவாகியிருந்தால் வில்லங்கச் சான்றில் தெரிந்திருக்கும். ஆனால் நம் ஷரீஅத்தில் ஹிபா வாய்மொழியாகவும் நிறைவேறும் என்பதால், பத்திரம் இல்லை என்பது மட்டும் போதாது. கொடுத்ததாகச் சொல்லப்படுபவரையே கேட்க வேண்டும், அதுவும் அண்ணன் அருகில் இல்லாதபோது. வாங்குபவரின் மனைவி மூத்த சகோதரியைச் சந்தித்துக் கேட்டார். விற்பனை நடப்பதே அப்பெண்மணிக்குத் தெரியாது.

ஒரு மகனும் இரு மகள்களும் மட்டுமே வாரிசுகள் எனில், கடனும் வஸிய்யத்தும் போக மகனுக்குப் பாதி, மகள்கள் ஒவ்வொருவருக்கும் கால் பங்கு. அதாவது, 8 லட்சத்தில் 4 லட்சம் அப்பெண்களின் ஹக்கு. அறிந்துகொண்டே வாங்குபவர் அந்த அநீதியில் பங்காளியாகிறார்.

இனி வியாபாரத்தைத் தொடரலாமா? விற்பவருடைய சொல்லை நம்பத் தேவையில்லாத முறை ஒன்று இருந்தால் தொடரலாம். மூவரும் சார்பதிவாளர் முன் கையொப்பமிட வேண்டும். சகோதரிகளின் பங்கு தலா 2 லட்சம் அவரவர் வங்கிக் கணக்கிலேயே சேர வேண்டும். அதுவரை முன்பணம் கிடையாது. இதை ஏற்பவர் முன்பு பொய் சொல்லியிருந்தாலும் வியாபாரம் கூடும். மறுப்பவரிடம் விலகுவதே சரி.

விலகுவதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மோசடி செய்தவருக்கும் மோசடி செய்யக் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. "சரி, பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பதும் ஒருவகை ஏமாற்றே.

நம் சகோதரர் நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தார். விற்பவர் மூன்று நாள் தவணை கேட்டார். பிறகு, வேறு ஆள் கிடைத்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார். சகோதரிகள் இருவரும் தங்கள் பங்கைக் குறிப்பிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆட்சேபணை மனு கொடுத்துள்ளனர்.