ஸகரம் போன வழி

ஒரு மொழியின் பழைய வடிவத்தை அறிய வேண்டுமானால் அதன் உறவு மொழிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது வழக்கம். தமிழையும் தெலுங்கையும் கன்னடத்தையும் ஒப்பிட்டுத்தான் மூலத் திராவிடத்தை எட்டுகிறார்கள். உறவு மொழி எதையும் பார்க்காமல், ஒரு மொழியை மட்டும் வைத்துக்கொண்டு அதன் முற்காலத்துக்குப் போக முடியுமா? ஓரளவு முடியும். அந்த மொழியிலேயே ஒரே சொல் காரணம் தெரியாமல் இரண்டு உருவம் எடுக்கும் இடங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு அக மீட்டுருவாக்கம் என்று பெயர். இதை நன்றாகக் காட்டித்தரும் மொழி லத்தீன்.

லத்தீனில் பூவுக்கு 'ஃப்ளோஸ்' என்று பெயர். 'பூவின்' என்று சொல்ல வேண்டுமானால் 'ஃப்ளோரிஸ்'. குலம் 'கெனுஸ்', குலத்தின் என்றால் 'கெனெரிஸ்'. வினையிலும் இப்படித்தான்: 'எஸ்ட்' என்றால் இருக்கிறது, 'எராட்' என்றால் இருந்தது. ஸகரம் இருந்த இடத்தில் ரகரம் வந்து நிற்கிறது. லத்தீன் படிக்கும் மாணவர் இதை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார். ஆய்வாளர் அங்கேயே நின்று, முதலில் இருந்தது எது என்று கேட்பார்.

முதலில் ரகரம்தான் இருந்தது, அது சொல்லின் கடைசியில் ஸகரமாகிவிட்டது என்று வைத்துப் பார்ப்போம். அப்படியானால் லத்தீனில் எந்தச் சொல்லும் ரகரத்தில் முடியக் கூடாது. ஆனால் பேச்சாளருக்கு 'ஓராட்டோர்' என்றே பெயர்; 'பேச்சாளரின்' என்பது 'ஓராட்டோரிஸ்'. இரண்டிலும் ரகரம் அசையாமல் இருக்கிறது. ஆக, அந்த ஊகம் நிற்காது. திருப்பிப் பார்ப்போம்: முதலில் ஸகரம் இருந்தது, இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே அகப்பட்டபோது மட்டும் ரகரமானது. இப்போது எல்லாம் பொருந்துகிறது. 'ஃப்ளோரிஸ்' ஒரு காலத்தில் 'ஃப்ளோஸிஸ்' ஆகவும், 'எராட்' முன்பு 'எஸாட்' போன்ற ஒன்றாகவும் இருந்திருக்க வேண்டும்.

நல்ல மீட்டுருவாக்கத்துக்கு அடையாளம், நாம் கேட்காத கேள்விக்கும் அது பதில் சொல்வது. 'நேசிக்க' என்பதற்கு லத்தீன் 'அமாரெ'. 'இருக்க' என்பதற்கு 'எஸ்ஸெ'. முதலாவதின் விகுதி 'ரெ', இரண்டாவதின் விகுதி 'ஸெ'. ஒரே வேலைக்கு இரண்டு விகுதி ஏன்? பழைய விகுதி 'ஸெ' ஒன்றுதான். 'அமா' என்பதன் பின்னே உயிர்களுக்கு நடுவில் சிக்கி 'ரெ' ஆயிற்று. 'எஸ்' என்பதன் பின்னே மெய்யை ஒட்டி வந்ததால் தப்பித்தது.

முரண்படும் சொற்களும் உண்டு. 'காரணம்' எனப் பொருள்படும் 'கௌஸா'வில் உயிர்களுக்கு நடுவே ஸகரம் நன்றாகவே இருக்கிறது. சிசரோ இதை இரட்டை ஸகரத்தோடு எழுதினார் என்று குயின்டிலியன் பதிவு செய்திருக்கிறார். இரட்டையாக இருந்தவரை விதி அதைத் தொடவில்லை. இரட்டை ஒற்றையாகத் தேய்ந்தபோது விதியின் காலமே முடிந்திருந்தது. ஆகவே, விதிவிலக்கு போலத் தெரிந்த சொல் எந்த மாற்றம் முன்னே, எது பின்னே என்று நமக்குச் சொல்லிவிடுகிறது.

லத்தீன் விஷயத்தில் வெளிச்சாட்சியும் கிடைத்தது அதிர்ஷ்டம். பபீரியுஸ் குடும்பத்தினர் முற்காலத்தில் பபீஸியுஸ் என்று அழைக்கப்பட்டார்கள் என்று சிசரோ ஒரு கடிதத்தில் எழுதுகிறார். 1880இல் ரோமில் கண்டெடுத்த, மூன்று குடங்கள் ஒட்டிய சிறு மண்கலத்தில் 'யோவெஸத்' என்ற சொல் இருக்கிறது. 'ஆணையிடுகிறான்' என்ற பொருளில் பிற்கால லத்தீன் சொல்லும் 'யூரத்' இதிலிருந்து வந்ததென்றே பெரும்பாலும் கொள்கிறார்கள். ஊகித்த இடத்தில் ஸகரம் எழுத்திலேயே இருக்கிறது.

ஆனால் இந்த முறைக்குத் தடயம் வேண்டும். தடயத்தை மொழி தானே அழித்துவிடுவதுண்டு. மதிப்பைக் குறிக்கும் 'ஹொனோஸ், ஹொனோரிஸ்' ஜோடியைப் பாருங்கள். 'ஹொனோரிஸ்' போன்ற வடிவங்களையே அடிக்கடி சொல்லிப் பழகியவர்கள் 'ஹொனோஸ்' என்பதையும் 'ஹொனோர்' ஆக்கிவிட்டார்கள். 'மதிப்புக்குரிய' எனப் பொருள்படும் 'ஹொனெஸ்டுஸ்' என்ற சொல்லில் மட்டும் ஸகரம் தப்பி நிற்கிறது. அதுவும் போயிருந்தால், இது ஓராட்டோர் வகைச் சொல் என்றே எண்ணியிருப்போம்.

தடயமே இல்லாத சொல்லும் உண்டு. சகோதரிக்கு லத்தீன் 'சொரோர்'. இதன் நடு ரகரம் எந்த வடிவத்திலும் ஸகரமாக மாறுவதில்லை. எப்போதும் உயிர்களுக்கு நடுவிலேயே இருப்பதால் மாற வாய்ப்பும் இல்லை. லத்தீனை மட்டும் எவ்வளவு புரட்டினாலும் அது பழைய ரகரமா, ஸகரத்திலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. சமஸ்கிருத 'ஸ்வஸா'வையும் ஆங்கில 'சிஸ்டர்'ஐயும் பக்கத்தில் வைத்த பிறகுதான் நடுவில் இருந்தது ஸகரம் என்று தெரிகிறது.